மாதம் 15,787 ரூபாய் மிச்சம்: அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

*வாசகர் கேள்வி:*

*பெங்களூரு ஹொரமாவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன்பு தங்கை கல்யாணத்துக்கும் தர்மபுரியில் இருக்கும் வீட்டை எடுத்துக் கட்டவும் 18 லட்சம் பர்சனல் லோன் வாங்கினேன். 14% ஃபிக்ஸட் வட்டி, 60 மாதம், இ.எம்.ஐ. 41,883 ரூபாய். 24 தவணை தவறாமல் கட்டிவிட்டேன். கைக்கு வரும் சம்பளம் 98,000. வாடகை, வீட்டுச் செலவு, பெட்ரோல், அப்பா அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து 56,000 ஆகிறது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஜூனில் 70,000, நவம்பரில் 50,000. தீபாவளிக்கு 20,000. பிப்ரவரியில் எல்.ஐ.சி. பிரீமியம் 32,000. ஏப்ரலில் போனஸ் 60,000 வரும். போன வருடம் எஃப்.டி.யை உடைத்துத்தான் சமாளித்தோம். இப்போது 40,000 மட்டும் மிச்சம் இருக்கிறது. இன்னொரு வங்கியில் 13% வட்டிக்கு 72 மாதமாக மாற்றித் தருகிறோம், இ.எம்.ஐ. 26,096தான் என்கிறார்கள். வட்டியும் குறைவு, மாதம் 15,787 கையில் நிற்கும். மாறிவிடலாமா? உண்மையில் எனக்கு எவ்வளவு மிச்சம்?*

*— ஹொரமாவு வாசகர்*

அன்புள்ள வாசகருக்கு,

உங்களுக்குப் பணத்தட்டுப்பாடு இருப்பது உண்மை. தவணையைக் குறைக்க வேண்டியதும் உண்மை. ஆனால் உங்கள் முன்னால் இருக்கும் திட்டத்தில் வட்டி குறையவில்லை. உங்களுக்குத் தேவையானதைவிட அதிகமான பணத்தை, நீங்கள் இப்போது கட்டுவதைவிடக் கூடுதலான விலைக்குத் தருகிறார்கள். நான்கு கணக்குகள் போட்டால் இது தெரிந்துவிடும். ஒரு கால்குலேட்டரும் எக்ஸெல் தாளும் போதும்.

முதலில், இன்றைய தேதியில் நீங்கள் பாக்கி வைத்திருக்கும் அசல் எவ்வளவு என்று பார்ப்போம். மீதமுள்ள 36 தவணைகளையும் கூட்டினால் 15,07,788 ரூபாய் வரும். அது அசல் அல்ல, வரப்போகும் வட்டியும் அதற்குள் இருக்கிறது. 14 சதவீதத்தில் கணக்கிட்டால் 24ஆவது தவணை கட்டிய அன்று நிற்கும் அசல் 12,25,447 ரூபாய். வங்கி தரும் தவணை அட்டவணையில் 24ஆவது வரிசையின் கடைசிக் கட்டத்தில் இதே எண் இருக்க வேண்டும். சில ரூபாய் முன்பின் இருந்தால் கவலை வேண்டாம். ஆயிரக்கணக்கில் வித்தியாசம் இருந்தால் ஏதோ அபராதமோ தாமதக் கட்டணமோ ஏறியிருக்கிறது, அதை முதலில் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, இந்த 12,25,447 ரூபாயை அடைக்க, புது வங்கியில் எவ்வளவு கடன் வாங்க வேண்டும்? இங்கேதான் பலருக்கும் கணக்கு நழுவுகிறது. உங்கள் கடன் ஃபிக்ஸட் வட்டி என்பதால் முன்கூட்டியே அடைத்தால் பழைய வங்கி ஃபோர்குளோஷர் கட்டணம் கேட்கலாம். தனிநபர் கடன்களை முன்கூட்டியே அடைப்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் கொண்டுவந்த விதி ஃப்ளோட்டிங் வட்டிக் கடன்களுக்கானது. அதிலும் 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்குத்தான் அது பொருந்தும். அதை நம்பி நீங்கள் போய் நிற்க முடியாது. கட்டணம் எத்தனை சதவீதம் என்பது உங்கள் கடன் ஒப்பந்தத்தில் இருக்கும். 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 43,381 ரூபாய். ஆக, பழைய கடனை மூட 12,68,828 ரூபாய் வேண்டும்.

புது வங்கிக்கும் ப்ராசசிங் கட்டணம் உண்டு. அதை உங்களிடம் ரொக்கமாகக் கேட்க மாட்டார்கள். கடன் தொகையிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். 13 லட்சத்துக்கு 2 சதவீதம் 26,000, ஜி.எஸ்.டி.யுடன் 30,680. கையில் வருவது 12,69,320. பழைய கடனை அடைத்த பிறகு மிஞ்சுவது 492 ரூபாய், அதையும் முத்திரைக் கட்டணம் எடுத்துக்கொள்ளும். அவர்கள் சொல்லும் 26,096 ரூபாய் தவணை சரியாக இந்த 13 லட்சத்துக்கான தவணைதான். நீங்கள் புதிதாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனால் உங்கள் கடன் 12.25 லட்சத்திலிருந்து ஒரே நாளில் 13 லட்சமாகிவிடுகிறது.

இந்த இரண்டு சதவீதங்களும் நான் வைத்துக்கொண்ட அளவுகள். உங்கள் காகிதங்களில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டு இதே வரிசையில் மறுபடி கணக்கிடுங்கள்.

அடுத்தது, எந்த ஏஜென்ட்டும் தானாகப் போட்டுக் காட்டாத ஒரு சோதனை. புது வங்கியிடம் இப்படிக் கேளுங்கள்: "72 மாதம் வேண்டாம், எனக்கு இன்னும் இருக்கிற அதே 36 மாதத்துக்கே கொடுத்தால் இ.எம்.ஐ. எவ்வளவு?" 13 லட்சம், 13 சதவீதம், 36 மாதம் என்றால் தவணை 43,802 ரூபாய். இப்போது நீங்கள் கட்டுவதைவிட 1,919 ரூபாய் அதிகம். வட்டி ஒரு சதவீதம் குறைந்தும் தவணை ஏறுகிறது என்றால், அந்த ஒரு சதவீத லாபத்தைக் கட்டணங்கள் விழுங்கி, மேலும் 69,084 ரூபாயை உங்கள் தலையில் வைக்கின்றன என்று பொருள். மாறுவதால் வரும் விளைவையும், காலத்தை நீட்டுவதால் வரும் விளைவையும் பிரித்துப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. மாறுவதால் மட்டும் உங்களுக்கு நஷ்டம். மாதம் 15,787 குறைவது முழுக்க முழுக்கக் காலத்தை நீட்டியதால் குறைவது.

அப்படி நீட்டும்போது பணம் எப்படி நகர்கிறது? முதல் 36 மாதம், மாதந்தோறும் 15,787 ரூபாய் உங்கள் கையில் கூடுதலாக நிற்கும், மொத்தம் 5,68,332. 37ஆவது மாதத்திலிருந்து பழைய கடன் இருந்திருந்தால் தவணையே இருக்காது. ஆனால் நீங்கள் இன்னும் 36 மாதம் 26,096 கட்டிக்கொண்டிருப்பீர்கள், மொத்தம் 9,39,456. அதாவது இன்று 5,68,332 ரூபாயைத் தவணை முறையில் வாங்கிக்கொண்டு, மூன்று வருடம் கழித்து 9,39,456 ரூபாயாகத் தவணை முறையில் திருப்பிக் கொடுக்கிறீர்கள். வித்தியாசம் 3,71,124. பழைய கடன் முடிந்திருக்க வேண்டிய அந்த நாளில் புதுக் கடனில் இன்னும் ஏறக்குறைய 7,74,500 ரூபாய் அசல் பாக்கி நிற்கும். காரணம், இப்போதைய 41,883 ரூபாயில் அடுத்த மாதம் 14,297 வட்டிக்குப் போக, 27,586 அசலில் கழியும். புதுக் கடனின் முதல் தவணையில் வட்டி 14,083. அசலில் கழிவது 12,013 மட்டுமே. வட்டிக்குக் கொடுப்பது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. குறைந்ததெல்லாம் அசலை அடைக்கும் வேகம்தான்.

3.71 லட்சம் என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து இந்தத் திட்டத்தை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. இன்று கையில் இருக்கும் 15,787 ரூபாய்க்கும் நான்கு வருடம் கழித்துக் கட்டும் 26,096 ரூபாய்க்கும் ஒரே மதிப்பு இல்லை. அவற்றை நேராகக் கழித்துப் பார்ப்பது அரைகுறைக் கணக்கு. பார்க்க வேண்டியது, இந்த மாதச் சலுகையே ஒரு கடன் என்றால் அதன் வட்டி எத்தனை சதவீதம் என்பது. உங்கள் விஷயத்தில் சலுகையும் 36 மாதம், திருப்பிக் கட்டுவதும் 36 மாதம் என்பதால் கால்குலேட்டரிலேயே போடலாம். 26,096ஐ 15,787ஆல் வகுத்தால் 1.653. ஒவ்வொரு மாதச் சலுகையும் சரியாக 36 மாதம் கழித்து 1.653 மடங்காகத் திரும்புகிறது. அதன் 36ஆவது மூலம் 1.01406. மாதத்துக்கு 1.406 சதவீதம், 12ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 16.9 சதவீதம்.

விளம்பரத்தில் 13, உங்கள் பையிலிருந்து போவது 16.9. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதங்கள் இப்படிச் சரிசமமாக அமையாதபோது எக்ஸெல் வேண்டும். ஏ நெடுவரிசையில் 2ஆவது வரியிலிருந்து 0, 1, 2 என்று 72 வரை மாத எண்களை இடுங்கள். 3ஆவது வரியில் கீழே உள்ள மூன்று சூத்திரங்களையும் எழுதி 74ஆவது வரி வரை இழுத்துவிடுங்கள். டி2 கட்டத்தில் 0; ஏதாவது கட்டணத்தைக் கைப்பணத்தில் கட்டினால் அதை மைனஸ் குறியோடு அங்கே போடுங்கள்.

```
B3:  =IF(A3<=36,41883,0)
C3:  =IF(A3<=72,26096,0)
D3:  =B3-C3
F2:  =IRR(D2:D74,1%)*12
F3:  =PV(14%/12,36,-41883)
F4:  =PMT(13%/12,36,-1300000)
```

எஃப்2இல் வருவது சலுகையின் உண்மையான வட்டி. எஃப்3 இன்றைய அசல் பாக்கி, எஃப்4 நான் சொன்ன 36 மாதச் சோதனை. ஐ.ஆர்.ஆர். சூத்திரத்தில் 1% என்ற ஆரம்ப ஊகத்தை நீக்கிவிடாதீர்கள். டி2இல் மைனஸ் எண் இருந்தால் பணம் முதலில் வெளியே போய், பிறகு உள்ளே வந்து, மறுபடி வெளியே போகிறது. அப்படிப்பட்ட வரிசைக்குக் கணித முறைப்படி இரண்டு விடைகள் இருக்கலாம், ஒன்று நடைமுறைக்கு ஒவ்வாத பெரிய எண்ணாக வரும். 1% என்று தொடங்கினால் பொருளுள்ள விடைக்கு எக்ஸெல் போய்ச் சேரும்.

"வங்கியே தரும் கே.எஃப்.எஸ்.இல் ஏ.பி.ஆர். என்று ஒரு சதவீதம் இருக்கிறதே, அது போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். 2024 அக்டோபர் 1 முதல் புதிதாக வழங்கும் சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் அந்த முக்கிய விவரத் தாளைத் தந்தாக வேண்டும், நல்ல ஏற்பாடுதான், கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் புதுக் கடனுக்கு அதில் ஏறக்குறைய 13.9 சதவீதம் என்று இருக்கும், ப்ராசசிங் கட்டணமும் சேர்ந்த விகிதம் அது. ஆனால் பழைய வங்கிக்கு நீங்கள் கட்டும் 43,381 ரூபாய் புது வங்கியின் கணக்கிலேயே வராது. ஏற்கெனவே ஒரு கடன் 36 மாதத்தில் முடியப்போகிறது என்பதும் அந்தத் தாளுக்குத் தெரியாது. அதனால் 13.9க்கும் 16.9க்கும் உள்ள இடைவெளியை நீங்கள்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

16.9 சதவீதம் அதிகமா குறைவா என்பது, அந்தப் பணம் உங்கள் வீட்டில் எதற்குப் பதிலாக வருகிறது என்பதைப் பொறுத்தது. தட்டுப்பாட்டை கிரெடிட் கார்டில் தள்ளிக்கொண்டு மாதம் 3.5 சதவீத வட்டி கட்டுகிறவருக்கு, வருடத்துக்கு 42 சதவீதம் போகிற இடத்தில் 16.9 பெரிய நிம்மதி. சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கவோ, எஃப்.டி.யில் போடவோ அந்தப் பணம் வருமானால் அது நஷ்டம். உங்கள் வீட்டில் இரண்டும் கலந்து நடக்கப்போகிறது என்று எண்கள் சொல்கின்றன. ஆகவே நான்காவது கணக்கு: உங்களுக்கு உண்மையில் மாதம் எவ்வளவு தேவை?

சம்பளம் 98,000இல் செலவு 56,000, தவணை 41,883 போனால் மிஞ்சுவது 117 ரூபாய். மாதாமாதம் பார்த்தால் வரவும் செலவும் சரியாக நிற்பதுபோலத் தெரியும். வருடச் செலவுகள்தான் பள்ளம் தோண்டுகின்றன. பள்ளிக் கட்டணம், தீபாவளி, எல்.ஐ.சி. எல்லாம் சேர்ந்து 1,72,000. போனஸ் 60,000 போக 1,12,000. மாத மிச்சமான 117ஐப் பன்னிரண்டு மாதத்துக்குக் கூட்டிக் கழித்தால் வருடப் பற்றாக்குறை 1,10,596. மாதத்துக்கு 9,217 ரூபாய். அவர்கள் தருவது 15,787. அதாவது தேவைக்கு மேல் மாதம் 6,570 ரூபாயை 16.9 சதவீத வட்டிக்கு வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறீர்கள். கையில் நிற்கும் பணம் செலவுக்கு வழி கண்டுபிடித்துவிடும். இரண்டாவது வருடத்தில் அந்த 6,570 எங்கே போனது என்று தேடினாலும் கிடைக்காது.

தேவை 9,217 என்றால் அதற்கேற்ற காலம் எவ்வளவு? முதலில் இப்போதைய வங்கியிடமே கேட்டுப் பார்ப்பதுதான் முறை. அதே 14 சதவீதத்தில், மீதமுள்ள 12,25,447 ரூபாயை 36 மாதத்துக்குப் பதில் 50 மாதமாக்கினால் தவணை 32,487. மாதம் 9,396 குறைகிறது. மொத்தத்தில் கூடுதலாகக் கட்டுவது 1,16,562 ரூபாய், சலுகையின் வட்டி அதே 14 சதவீதம்தான், ஏனென்றால் இடையில் கட்டணம் இல்லை. அவர்கள் 1 சதவீதக் கட்டணம் கேட்டாலும் ஜி.எஸ்.டி.யோடு 14,460 ரூபாய்தான்; வங்கி மாறினால் ஆகும் 74,061 ரூபாயோடு ஒப்பிட்டால் அது சிறிது. புது வங்கியிடமே காலத்தைக் குறைத்துக் கேட்டால், ஏறக்குறைய இதே அளவு சலுகைக்கு 53 மாதம் ஆகும். தவணை 32,369, கூடுதல் செலவு 2,07,769. 13 சதவீதக் கடனைவிட 14 சதவீதக் கடன் உங்களுக்கு 91,000 ரூபாய்க்கு மேல் மலிவாக முடிகிறது.

பழைய வங்கியிடம் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். "கட்ட முடியவில்லை, காலத்தை நீட்டிக் கொடுங்கள்" என்று எழுதினால் வங்கி அதை மறுசீரமைப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பணச் சிரமத்தில் இருப்பவருக்குக் காலத்தை நீட்டித் தருவதை ரிசர்வ் வங்கி விதிகள் அந்தப் பெயரில்தான் பார்க்கின்றன. அப்படிப் பதிவானால் கணக்கு பொதுவாக வாராக்கடன் வகைக்கு இறங்கும், சிபில் அறிக்கையிலும் அந்தக் குறிப்பு ஏறும். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அது நெடுநாள் துரத்தும். நீங்கள் 24 தவணையும் தவறாமல் கட்டியவர். அதைச் சொல்லி, இப்போதைய சம்பளத்தின் பேரில் பாக்கித் தொகைக்குப் புதுக் கடன் ஒன்றைப் போட்டு, 50 மாதக் காலத்தில் பழையதை உள்ளேயே அடைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். இது சாதாரண மறுகடன். "இந்த மாற்றம் கடன் தகவல் நிறுவனங்களுக்கு மறுசீரமைப்பு என்று அனுப்பப்படுமா, ஆம் இல்லை என்று சொல்லுங்கள்" என மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். உள்ளேயே அடைப்பதற்கும் ஃபோர்குளோஷர் கட்டணம் உண்டா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். உண்டு என்று சொல்லி தள்ளுபடியும் தராவிட்டால் என் ஒப்பீடு மாறும், அந்த 43,381ஐயும் சேர்த்து மேலே உள்ள தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

50 மாதத் திட்டத்தில் வருடக் கணக்கு சரியாகிவிடுகிறது. ஆனால் வருடக் கடைசியில் சரியாவது வேறு, இடையில் எந்த மாதமும் கீழே விழாமல் இருப்பது வேறு. ஜூலையிலிருந்து புதுத் தவணை தொடங்குவதாகவும் சேமிப்புக் கணக்கு பூஜ்யத்தில் இருப்பதாகவும் வைத்து ஓட்டிப் பார்ப்போம். மாதம் மிஞ்சுவது 117உடன் 9,396 சேர்ந்து 9,513. அக்டோபர் முடிவில் 38,052 சேர்ந்திருக்கும். நவம்பரில் பள்ளிக் கட்டணமும் தீபாவளியும் 70,000 எடுத்துக்கொள்ள, கணக்கு 22,435 ரூபாய் கீழே போகும். ஜனவரிக்குள் அது 3,409 பள்ளமாகச் சுருங்கி ஏறக்குறைய நிரம்பும் நேரத்தில் பிப்ரவரி பிரீமியம் வந்து 25,896 ரூபாய்க்குத் தள்ளிவிடும். ஏப்ரல் போனஸில் மேலேறி, ஜூன் கட்டணம் கட்டிய பிறகு 2,156 ரூபாயில் நிற்கும். வருடத்தின் ஆழமான இடம் பிப்ரவரி, ஆழம் 25,896. உங்களிடம் இருக்கும் 40,000 ரூபாய் எஃப்.டி. இதைத் தாண்டிவிடப் போதுமானது, 14,000 ரூபாய் சொச்சம் மிஞ்சும். அதனால்தான் 72 மாதம் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது.

அந்த எஃப்.டி. மட்டும் இல்லையென்றால் என் பதில் மாறியிருக்கும். 72 மாதத் திட்டத்தில் எந்த மாதமும் கணக்கு கீழே போகாது, நவம்பரிலும் 9,520 மிஞ்சும். ஆனால் அடுத்த ஜூன் முடிவில் 78,848 ரூபாய் தேங்கி நிற்கும். முதல் வருடப் பள்ளத்துக்குப் பயந்து ஆறு வருடத்துக்கு அந்தத் தேக்கத்துக்கு வட்டி கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 40,000 எஃப்.டி.யை இந்த வருடம் வேறு எதற்கும் தொடாதீர்கள். எஃப்.டி.யிலிருந்து எடுப்பதைக் குறைக்க விரும்பினால் எல்.ஐ.சி. பிரீமியத்தை அரையாண்டு முறைக்கு மாற்றக் கேட்டுப் பாருங்கள். மொத்தத்தில் சிறிது கூடும், பிப்ரவரிப் பள்ளம் குறையும், ஆனால் நவம்பர் பள்ளம் அப்படியே இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஹொரமாவில் வீடு மாறும் யோசனை இந்த வருடத்தில் இருந்தால் புது வீட்டு அட்வான்ஸ் இந்தக் கணக்கில் இல்லை. பழைய ஓனர் திருப்பித் தருவதற்குள் புது ஓனர் கேட்பார். அந்த இடைவெளியை 40,000 தாங்காது.

பழைய வங்கி முற்றிலும் மறுத்துவிட்டால் புது வங்கிக்குப் போகலாம், ஆனால் 53 மாதத்துக்கு. ப்ராசசிங் கட்டணத்தை முதலில் பேசிக் குறைக்கப் பாருங்கள். வட்டியில் கால் சதவீதம் குறைப்பதாகச் சொன்னாலும் மயங்க வேண்டாம், கட்டணத்தில் குறைப்பதைப் பெறுங்கள். அது முழுக்க முதல் நாளே உங்கள் அசலைக் குறைக்கும். இன்ஷூரன்ஸ் சேர்த்தால்தான் கடன் என்பார்கள். பிரீமியத்தைக் கடன் தொகையிலிருந்து பிடித்துவிட்டால் கையில் வருவது 12,68,828க்குக் கீழே போய்விடும், பழைய கடனை மூட அந்த மிச்சத்தை நீங்கள் சொந்தப் பணத்தில் போட வேண்டியிருக்கும். வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். "15 லட்சமாக வாங்கிக்கொள்ளுங்கள், கையில் 2 லட்சம் வரும், தவணை கொஞ்சம்தான் ஏறும்" என்ற பேச்சும் வரும். தவணையை மட்டும் பார்த்தால் அது கொஞ்சமாகத்தான் தெரியும். 36 மாதச் சோதனையை அதற்கும் போட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

சிலர் இன்னொரு யோசனை சொல்வார்கள்: 72 மாதமே எடுத்துக்கொண்டு, மிஞ்சும் பணத்தை அவ்வப்போது அசலில் கட்டி முன்னதாகவே முடித்துவிடலாம் என்று. ஃப்ளோட்டிங் வட்டிக் கடனுக்கு அது நல்ல வழி. ஃபிக்ஸட் பர்சனல் லோனில் முதல் வருடம் பகுதித் தொகை கட்டவே விடாத வங்கிகள் உண்டு. விடுகிற இடத்திலும் கட்டணம் உண்டு, வருடத்துக்கு இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடும் உண்டு. ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைப் படிக்காமல் இதை நம்பி இறங்காதீர்கள்.

மாறுகிற மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை, அங்கேதான் நல்ல திட்டமும் தடுக்கி விழுகிறது. பழைய வங்கி தரும் ஃபோர்குளோஷர் கடிதத்தில் உள்ள தொகை குறிப்பிட்ட தேதி வரைதான் செல்லும். அதற்குப் பிறகு நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று வட்டி ஏறும். உங்கள் பாக்கிக்கு அது தினமும் 470 ரூபாய். புது வங்கியின் பணம் ஐந்து நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 2,350 ரூபாய் குறையும், கடன் மூடப்படாது. அந்தச் சின்னத் தொகை நிலுவையாக நின்று சிபிலில் தாமதம் என்று பதிவாகும். எனவே பணம் போய்ச் சேர்ந்த அன்றே வங்கிக்குப் பேசி, இன்னும் ஏதாவது பாக்கி உண்டா என்று கேட்டுக் கட்டிவிடுங்கள். தவணைத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு கடன் மூடப்பட்டாலும், தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க ஏற்கெனவே அனுப்பப்பட்ட நாச் உத்தரவு ஓடி 41,883 ரூபாய் பிடிபட்டுவிடலாம். திரும்பி வரும், ஆனால் உடனே வராது. அந்த மாதம் கணக்கில் அவ்வளவு பணம் இல்லாவிட்டால் நாச் திரும்பி, அபராதம் தனி. புதுக் கடன் 20ஆம் தேதி வந்து முதல் தவணை அடுத்தடுத்த மாதம் 5ஆம் தேதி என்று வைத்தால் இடைப்பட்ட 15 நாளுக்குத் தனி வட்டி கேட்பார்கள். 13 லட்சத்துக்கு அது 6,945 ரூபாய். இதையும் கேட்டு வைத்துக்கொண்டு, மாறும் மாதத்துக்கு மட்டும் ஒரு தவணை அளவு பணத்தைக் கணக்கில் விட்டுவைப்பது பாதுகாப்பு. எஃப்.டி. தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம் இது.

பழைய கடன் மூடிய பிறகு நிலுவையில்லாச் சான்றிதழை வாங்கி, நாச் உத்தரவை உங்கள் சம்பளக் கணக்கு வங்கியிலேயே ரத்து செய்யுங்கள். கடன் நிறுவனங்கள் இப்போது 15 நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்ப வேண்டும் என்பதால், ஒன்றரை மாதம் பொறுத்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பழைய கடன் "க்ளோஸ்ட்" என்றும் பாக்கி பூஜ்யம் என்றும் இருக்க வேண்டும். "செட்டில்ட்" என்றோ "ரீஸ்ட்ரக்சர்ட்" என்றோ இருந்தால், வாங்கி வைத்திருக்கும் மின்னஞ்சல் பதிலையும் சான்றிதழையும் இணைத்து அந்த வங்கிக்கும் சிபிலுக்கும் ஒரே நாளில் திருத்தக் கோரிக்கை அனுப்புங்கள்.